அத்தியாயம் 6: பன்னிரண்டு சொற்களைக் கேட்கும் 'உதவியாளர்'

இந்த அத்தியாயம் முழுக்க நம்மோடு வரப்போகிறவர் ஒரு கற்பனை ஆள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நண்பர் பழைய கடனுக்காக அவருக்கு 800 USDT அனுப்புகிறார். மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி. "போட்டுட்டேன் அண்ணே, பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தியும் வந்துவிட்டது. ஆனால் கடைக்காரரின் வாலட் பூச்சியத்தைத்தான் காட்டுகிறது.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு, டெலிகிராமில் அந்த வாலட்டின் பெயரைத் தேடுகிறார். பெரிய குழு ஒன்று கிடைக்கிறது. "பணம் வரவில்லை, யாராவது உதவ முடியுமா?" என்று அதில் எழுதுகிறார். அவர் செய்த முதல் தவறு இதுதான், அதைத் தவறு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இந்தக் குழுக்களில் இப்படி ஒரு வரிக்காகவே ஆள்கள் காத்திருப்பார்கள்.

## உரையாடல் எப்படிப் போகும்

சில நிமிடங்களில் தனிச் செய்தி வருகிறது. வாலட்டின் சின்னமே படமாக இருக்கிறது, பெயரில் 'Support' என்று இருக்கிறது.

"வணக்கம் சார். உங்கள் புகார் பதிவாகிவிட்டது. டிக்கெட் எண் 48213. எந்த வாலட், எவ்வளவு தொகை?"

கடைக்காரர் சொல்கிறார். தொகையைக் கேட்டது உதவுவதற்காக இல்லை, இவரிடம் நேரம் செலவழிக்கலாமா என்று முடிவு செய்வதற்காக.

"உங்கள் வாலட் சர்வரோடு ஒத்திசையவில்லை சார். நான் தரும் இணைப்பில் போய்ச் சரிபார்த்தால் பணம் தெரியும்."

இணைப்பைத் திறந்தால் பளபளப்பான பக்கம் ஒன்று வருகிறது. 'Validate', 'Rectify', 'Migrate' என்று வரிசையாகப் பொத்தான்கள். எதை அழுத்தினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். வாலட்டின் சின்னத்தைத் தொட்டால் சக்கரம் ஒன்று சுற்றி, இணைப்பு தோல்வி என்று காட்டி, 'Connect manually' என்கிறது. அதைத் தொட்டால் பன்னிரண்டு வெற்றுப் பெட்டிகள். சுற்றிய சக்கரமும் தோல்வியும் நாடகம். பெட்டிகள் மட்டும்தான் நிஜம்.

கடைக்காரர் தயங்கினால், "இது கணினிதான் படிக்கும் சார், நாங்கள் யாரும் பார்க்க முடியாது" என்பார். இன்னும் தயங்கினால், "பதினைந்து நிமிடத்துக்குள் செய்யாவிட்டால் வாலட் முடக்கப்படும்" என்பார். பணம் உங்களுடைய வாலட்டில், வேலை உங்களுடைய வேலை, ஆனால் அவசரம் மட்டும் அவருக்கு.

## கோட்பாடு: இவ்வளவு தெரிந்தால் போதும்

நீங்கள் வாலட்டை முதன்முதலாகத் தொடங்கும்போது காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்ன 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள்தான் மீட்புச் சொற்கள். BIP-39 என்ற பொது முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து உங்கள் கைப்பேசியே குருட்டாம்போக்கில் அவற்றைப் பொறுக்கியது. அந்தச் சொற்களைக் கணக்குப் போட்டால் உங்கள் எல்லா முகவரிகளின் சாவியும் கிடைக்கும். அதே சொற்களை உலகின் எந்த மூலையிலும் வேறொரு வாலட் செயலியில் போட்டாலும் அதே பணம் திறக்கும். உங்கள் கைப்பேசியோ, கைரேகையோ, செயலியின் கடவுச்சொல்லோ அதற்குத் தேவையில்லை.

இப்போது 'சரிபார்க்க வேண்டும்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். வங்கி உங்களிடம் டேக் எண் கேட்டால், தான் அனுப்பிய எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒப்பிட அதனிடம் ஒரு பிரதி இருக்கிறது. வாலட் நிறுவனத்திடம் உங்கள் பன்னிரண்டு சொற்களின் பிரதி கிடையாது. அவை உங்கள் கைப்பேசியில் பிறந்து உங்கள் காகிதத்துக்கு வந்தவை. பிரதி இல்லாதவர் எதை எதோடு வைத்துச் சரிபார்ப்பார்? ஒருவேளை பிரதி இருந்தால், உங்களிடம் கேட்கவே வேண்டாமே. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பயன்தான் மிஞ்சுகிறது: பணத்தை எடுப்பது.

> குறிப்பு: "எல்லாச் சொற்களும் வேண்டாம், பதினொன்று போதும்" என்று கேட்பவரும் உண்டு. நாணயமானவராகத் தோன்றும். ஒரு சொல் மட்டும் தெரியாவிட்டால் முயன்று பார்க்க வேண்டியவை அதிகபட்சம் 2,048 சொற்கள். கணினிக்கு அது சில நொடி வேலை.

## உண்மையான உதவியாளருக்கு என்ன தேவை

அவருக்குத் தேவையானவை எதுவுமே ரகசியம் இல்லை. உங்கள் பொது முகவரி, பரிமாற்றத்தின் எண்ணான TXID, எந்த வலைப்பின்னல், செயலியின் பதிப்பு எண், திரையில் வந்த பிழைச் செய்தி. அவரும் இவற்றை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் திறந்திருக்கும் பொதுப் பேரேட்டுப் பக்கத்தில்தான் தேடிப் பார்ப்பார். உங்கள் பணத்தைத் தொட்டு நகர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அதனால்தான் வாலட் உதவி மையங்களின் பதில்கள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். "நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள் இதைச் செய்து பாருங்கள்" என்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல அறிகுறி. எல்லாவற்றையும் உடனே சரிசெய்து தருகிறேன் என்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

## கடைக்காரர் செய்திருக்க வேண்டியது

இந்தப் பிரச்சினைக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. வரிசையாகப் பார்ப்போம்.

1. அனுப்பிய நண்பரிடம் TXID கேளுங்கள். நீளமான எழுத்துக்கோவை, எத்திரியத்திலும் BNB Smart Chain-இலும் 0x என்று தொடங்கும். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், எழுத்தாகவே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2. எந்த வலைப்பின்னலில் அனுப்பினார் என்று கேளுங்கள். நம் கதையில் நண்பர் கட்டணம் குறைவு என்பதால் BNB Smart Chain வழியாக அனுப்பியிருக்கிறார்.

3. முகவரியைக் கையால் தட்டி bscscan.com பக்கத்தைத் திறந்து, TXID-ஐத் தேடுங்கள். எத்திரியம் என்றால் etherscan.io, டிரான் என்றால் tronscan.org. கூகுள் தேடலின் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். அங்கேயும் போலிப் பக்கங்கள் உட்கார்ந்திருக்கும்.

4. நிலையைப் பாருங்கள். 'Pending' என்றால் இன்னும் போய்ச் சேரவில்லை, காத்திருங்கள். 'Failed' என்றால் USDT அனுப்பியவரிடமே இருக்கிறது. 'Success' என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது.

5. 'Success' என்றால், பெறுநர் முகவரி உங்களுடையதுதானா என்று முழுமையாக ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் மட்டும் பார்த்தால் போதாது.

6. முகவரி சரியாக இருந்து பணம் மட்டும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் வாலட் வேறு வலைப்பின்னலைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடைக்காரரின் வாலட்டில் எத்திரியம் மட்டுமே தெரியும்படி இருந்தது. செயலியின் அமைப்புக்குள் போய் BNB Smart Chain வலைப்பின்னலை இயக்கினால் 800 அங்கே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வலைப்பின்னலுக்கும் அவருடைய 0x முகவரி ஒன்றேதான். பணம் எங்கும் தொலையவில்லை. வீட்டுக்கு வந்தவர் பின்வாசலில் நிற்கிறார், இவர் முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பணத்தை மேலே அனுப்ப அவருக்குக் கட்டணத்துக்காகக் கொஞ்சம் BNB தேவைப்படும். அது இல்லாமல் 'அனுப்ப முடியவில்லை' என்று மறுபடியும் பதறுகிறவர்களும் உண்டு.

## லூனோ, ஹாட்டா பெயரில் கேட்டால்

மலேசியாவில் செக்யூரிட்டீஸ் கமிஷனிடம் பதிவுபெற்ற லூனோ, ஹாட்டா போன்ற பரிமாற்றகங்களில் கணக்கு வைத்திருந்தால், அந்தக் கணக்குக்கு மீட்புச் சொற்களே கிடையாது. சாவியை அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் நுழைவது மின்னஞ்சல், கடவுச்சொல், இரண்டாம் சரிபார்ப்பு எண் ஆகியவற்றால். ஆகவே "லூனோவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பன்னிரண்டு சொற்களைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அவர் உங்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறார். உண்மையில் அவர் குறிவைப்பது நீங்கள் தனியாக வைத்திருக்கும் வேறொரு வாலட்டை.

இதன் தலைகீழ் வடிவம் 2025 மார்ச்சில் காயின்பேஸ் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலாக வந்தது. அதில் சொற்களைக் கேட்கவில்லை, கொடுத்தார்கள். 'பாதுகாப்பான புதிய வாலட்டுக்குப் பணத்தை மாற்றுங்கள், இதோ உங்கள் மீட்புச் சொற்கள்' என்று. அந்தச் சொற்களைப் போட்டு வாலட் திறந்து பணத்தை மாற்றியவர், திருடனின் வாலட்டுக்குள்ளேயே மாற்றினார். உங்கள் கைப்பேசியோ வாலட் கருவியோ உங்கள் கண்முன் உருவாக்காத சொற்கள் உங்களுடையவை அல்ல.

## பெயர், முகவரி தெரிந்துகொண்டு வருபவர்

"என் முழுப்பெயர், வீட்டு முகவரி, நான் வாங்கிய கருவி எல்லாம் சரியாகச் சொன்னாரே, போலியாக இருக்க முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் லெட்ஜர் நிறுவனத்தின் கதையில் இருக்கிறது.

வாலட் கருவி விற்கும் அந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின் இணையக் கடைத் தரவு 2020-இல் கசிந்தது. கருவிகளில் கோளாறு இல்லை, யார் வாங்கினார்கள் என்ற பட்டியல்தான் போனது. ஏறத்தாழ பத்து லட்சம் மின்னஞ்சல் முகவரிகள். அவற்றில் 2,72,000 பேருக்குப் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண்ணும் சேர்ந்து. அந்த ஆண்டு டிசம்பரில் முழுப் பட்டியலும் இணையத்தில் கொட்டப்பட்டது. முதலில் போலி மின்னஞ்சல்கள் வந்தன. 2021-இல் சிலர் வீட்டுக்கு, சொற்களைத் திருடும்படி மாற்றிய போலிக் கருவிகளே பொட்டலமாக வந்தன. 2025-இல் லெட்ஜர் பயனர்களுக்கு நிறுவனத்தின் முகப்புத் தாள் போலவே அச்சடித்த கடிதம் வந்தது. 'கட்டாயச் சரிபார்ப்பு' என்று தலைப்பு, ஒரு குறிப்பு எண், வருட வேண்டிய கியூஆர் குறியீடு. அது போகும் பக்கத்தில் 24 பெட்டிகள்.

2025 மே மாதம் காயின்பேஸ் அறிவித்தது இன்னும் கசப்பானது. வெளிநாட்டில் இருந்த அதன் உதவி மையப் பணியாளர்கள் சிலருக்குக் குற்றவாளிகள் லஞ்சம் கொடுத்து, 69,461 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு காயின்பேஸ் பணியாளர் போலவே பேசுவது திட்டம்.

ஆகவே உங்களைப் பற்றிய விவரம் தெரிந்திருப்பது அடையாளச் சான்று ஆகாது. என்ன தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

## சொற்களைத் தட்டச்சு செய்யலாமா, எங்கே?

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும்: பழைய கைப்பேசி தொலைந்து அல்லது கெட்டுப்போய், நீங்களாகவே புதியதில் வாலட்டை மீட்கும்போது. அப்போதும் வாலட் செயலிக்குள்ளே அல்லது கருவியின் சொந்தத் திரையில் மட்டும். இணையப் பக்கத்தில் இல்லை, கூகுள் படிவத்தில் இல்லை, உரையாடலில் இல்லை. லெட்ஜர் பயன்படுத்துபவர்கள் கணினியில்கூட அடிக்கக் கூடாது, கருவியிலேயேதான்.

செயலியை எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதும் முக்கியம். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் செயலி ஒன்று இருந்தது. பிட்காயின் மட்டும் 16-க்கு மேல் பறிபோனது. தயாரிப்பாளரின் இணையதளத்துக்கு நேரே போய், அங்கே இருக்கும் பொத்தான் வழியாகச் செயலிக்குப் போங்கள்.

சொற்களைப் படம் எடுத்து கைப்பேசியில் வைப்பது வேறு ஒரு ஓட்டை. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், படத்தொகுப்பில் இருக்கும் படங்களைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடியது. கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் இரண்டிலும் கிடைத்த செயலிகளில் அது ஒளிந்திருந்தது. காகிதம்தான் நல்லது. வீட்டில் இன்னொருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்தால் போதும்.

## சொற்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால்

வெட்கப்படுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. சில நேரம் பணம் உடனே போய்விடும், சில நேரம் திருடன் பெரிய தொகை சேரட்டும் என்று காத்திருப்பான். இன்னும் இருப்பு தெரிகிறது என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. எதிராளியோடு பேசுவதை நிறுத்துங்கள். திட்டவும் வேண்டாம். முழு உரையாடலையும், அவருடைய பயனர் பெயரையும், இணைப்பையும் திரைப்பிடிப்பு எடுங்கள். டெலிகிராமில் அவர் இரு பக்கமும் உரையாடலை அழித்துவிட முடியும், ஆகவே முதலில் படம், பிறகு மற்றது.

2. வேறொரு கைப்பேசியில் புத்தம் புதிய வாலட் உருவாக்குங்கள். புதிய சொற்கள் வர வேண்டும். பழைய வாலட்டுக்குள்ளேயே 'Add account' செய்தால் அதுவும் பழைய சொற்களிலிருந்துதான் பிறக்கும். அவசரத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது.

3. பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுங்கள். மதிப்பு அதிகமான டோக்கன் முதலில். கட்டணத்துக்குத் தேவையான ETH, BNB, TRX ஆகியவற்றைக் கடைசியில். அவற்றை முதலில் அனுப்பிவிட்டால் மற்றதை நகர்த்தக் கட்டணம் இருக்காது.

4. ஒவ்வொரு வலைப்பின்னலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றைக் காலி செய்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

5. டோக்கன் இருக்கிறது, கட்டணக் காசு மட்டும் இல்லை என்றால், யோசிக்காமல் காசு போடாதீர்கள். கசிந்த வாலட்டுகளில் திருடர்கள் தானியங்கி நிரலை ஓட விட்டிருப்பார்கள். நீங்கள் போடும் BNB வந்த நொடியில் அது எடுத்துக்கொள்ளும். ஒரு முறை சிறு தொகை போட்டு அது மறைந்தால், மறுபடி போடாதீர்கள்.

6. அவர் சொல்லி எனிடெஸ்க் போன்ற தொலைநிலைச் செயலியை நிறுவியிருந்தால், இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். மின்னஞ்சல், மேபேங்க், டச் அன் கோ கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

செயலியின் கடவுச்சொல்லை மாற்றுவது, செயலியை நீக்கி மறுபடி நிறுவுவது, அனுமதிகளை ரத்து செய்வது ஆகிய மூன்றும் இங்கே பயன்படாது. பூட்டை மாற்றவில்லை, கதவுக்கு வண்ணம்தான் பூசுகிறீர்கள். அந்தப் பழைய சொற்களுக்கு உரிய முகவரிகளை இனி ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உங்களுக்குப் பணம் அனுப்பும் நண்பர்களிடமும் புதிய முகவரியைச் சொல்லிவிடுங்கள்.

## புகார்

ஏமாற்றுக்காரர் கேட்டு வங்கிக் கணக்கிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோ வெள்ளி அனுப்பியிருந்தால் உடனே 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்வினை மையம், 2022 அக்டோபரில் தொடங்கியது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுப்பதற்கான ஏற்பாடு. கிரிப்டோ மட்டும் போயிருந்தால் நேரே போலீஸ் புகார். எந்த பாலாயிலும் கொடுக்கலாம், கிள்ளானில் நடந்ததைப் பிரிக்பீல்ட்ஸில் கொடுத்தாலும் பெற்றுக்கொள்வார்கள். விசாரணை வணிகக் குற்றப் பிரிவுக்குப் போகும்.

"என் கிரிப்டோ போய்விட்டது" என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் முகவரி, திருடனின் முகவரி, ஒவ்வொரு பரிமாற்றத்தின் TXID, தேதி, நேரம், பயனர் பெயர், இணைப்பு ஆகியவற்றைத் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.

பிறகு பொதுப் பேரேட்டுப் பக்கத்தில் திருடனின் முகவரியைத் தொடருங்கள். பணம் ஏதாவது பரிமாற்றகத்தின் பெயர் பொறித்த முகவரிக்குப் போயிருந்தால், புகாரின் பிரதியோடு அந்தப் பரிமாற்றகத்துக்கு எழுதுங்கள். கணக்கை முடக்க வாய்ப்பு இருப்பது அங்கேதான். USDT என்றால், காவல் துறை கேட்டுக்கொண்டால் வெளியிட்ட டெதர் நிறுவனம் அந்த முகவரியை உறையவைக்க முடியும். தனிநபர் கேட்டால் நடக்காது, அதனால்தான் போலீஸ் புகாரின் எண் முக்கியம். போன பணம் திரும்புவது அரிது என்பதையும் தெரிந்தே இதையெல்லாம் செய்யுங்கள்.

இதற்கு அடுத்த வாரம் இன்னொரு செய்தி வரும். 'உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், திருப்பித் தர ஐந்நூறு வெள்ளி கட்டணம்' என்று. வழக்கறிஞர், ஹேக்கர், சில நேரம் அரசு அதிகாரி என்றும் சொல்லிக்கொள்வார். உங்கள் பெயர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தால் போதும்: பெரும்பாலும் முதல் ஆளிடமிருந்துதான், அல்லது அவரே இவர். பதில் போடாதீர்கள். அந்த எண்ணையும் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.